காட்டும் பணம், கட்டும் பணம்: இங்கிலாந்து போகும் மகனுக்காக ஒரு தாயின் கேள்வி

கேள்வி: தேவகோட்டைப் பக்கம் எங்கள் ஊர். கணவர் காரைக்குடியில் பாத்திரக்கடை வைத்திருக்கிறார். மகனுக்கு இங்கிலாந்தில், லண்டனுக்கு வெளியே ஒரு பல்கலைக்கழகத்தில் ஒரு வருட எம்.எஸ்சி. படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. கட்டணம் 18,000 பவுண்டு. அதில் 4,000 முன்பணமாகக் கேட்கிறார்கள். என் பெயரில் 9 லட்சமும், மாமனார் பெயரில் 7 லட்சமும் வைப்புநிதி இருக்கிறது. கணவர் பெயரில் உள்ள மனையை அடமானமாக வைத்து 15 லட்சம் கல்விக் கடன் தருவதாக வங்கியில் சொல்கிறார்கள். சிங்கப்பூரில் இருக்கும் என் தம்பி, "5 லட்சம் வரை நான் இங்கிருந்தே கட்டிவிடுகிறேன், அதை நீ ஊரில் என் வீட்டு வேலைக்கு ரூபாயாகக் கொடுத்துவிடு" என்கிறான். ஏஜென்ட் எங்கள் பூர்வீக வீட்டுக்கு மதிப்புச் சான்று கேட்கிறார். பணம் போதாவிட்டால் ஒரு மாதத்துக்குப் போட்டுக் காட்ட ஆள் இருக்கிறது, 2 சதவிகிதம் கொடுத்தால் போதும் என்றும் சொல்கிறார். மகன் பெயரில் டாலர் கணக்கு ஆரம்பித்துவிட்டால் ரூபாய் இறங்கினாலும் பயமில்லை என்கிறார் கணவரின் நண்பர். எதைக் கேட்பது, எதை விடுவது?

பதில்:

அன்புச் சகோதரி,

முதலில் ஒரு நல்ல செய்தி. உங்களிடம் இருக்கும் பணம் போதும். ஏஜென்ட் சொல்லும் அந்த ஒரு மாதப் பணம் உங்களுக்குத் தேவையே இல்லை. வங்கியில் அந்நியச் செலாவணிப் பிரிவில் நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: உங்களைப் போன்ற குடும்பங்களுக்குப் பெரும்பாலும் சிக்கல் வருவது பணம் குறைவதால் அல்ல. பணம் யார் பெயரில் இருக்கிறது, எத்தனை நாளாக இருக்கிறது, எந்த வழியாகப் போகிறது என்ற மூன்று இடங்களில்தான். உங்கள் கடிதத்தில் மூன்றுமே இருக்கின்றன.

எவ்வளவு காட்ட வேண்டும்

இங்கிலாந்தின் மாணவர் விசாவுக்கு இரண்டு தொகைகளைக் கூட்டிக் காட்ட வேண்டும். ஒன்று, முதல் வருடக் கட்டணத்தில் இன்னும் கட்டாத பகுதி. மற்றொன்று, தங்கிச் சாப்பிடும் செலவு. 2025 நவம்பர் 11 முதல் லண்டனுக்கு வெளியே படிப்பவர்களுக்கு இது மாதம் 1,171 பவுண்டு, லண்டனுக்குள் 1,529 பவுண்டு. படிப்பு ஒரு வருடமானாலும் இரண்டு வருடமானாலும் அதிகபட்சம் 9 மாதத்துக்குக் காட்டினால் போதும்.

உங்கள் மகனின் கணக்கு இப்படி வரும். முன்பணம் 4,000 கட்டிய பிறகு கட்டண பாக்கி 14,000. வாழ்க்கைச் செலவு 1,171 பெருக்கல் 9, அதாவது 10,539. ஆக மொத்தம் 24,539 பவுண்டு. ஒரு பவுண்டு 120 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஏறக்குறைய 29 லட்சத்து 45 ஆயிரம். இதில் கல்விக் கடன் 15 லட்சம் போக, வங்கிக் கணக்கில் காட்ட வேண்டியது 14 லட்சத்து 45 ஆயிரம். உங்களிடமும் மாமனாரிடமும் சேர்ந்து இருப்பது 16 லட்சம்.

120 என்பது நான் கணக்குக்காக எடுத்துக்கொண்ட எண். விண்ணப்பிக்கும் நாளில் OANDA இணையதளத்தில் உள்ள விகிதத்தைத்தான் விசா அதிகாரிகள் பார்ப்பார்கள். ஒரு பவுண்டுக்கு 3 ரூபாய் ஏறினால் உங்கள் தேவை 73 ஆயிரம் கூடிவிடும். மிச்சம் நிற்கும் ஒன்றரை லட்சம் இதற்கான இடைவெளி. அதைத் தொடாதீர்கள்.

தொடாதீர்கள் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. விண்ணப்பிக்கும்போதே விசாக் கட்டணமும் சுகாதாரக் கூடுதல் கட்டணமும் கட்ட வேண்டும். சுகாதாரக் கட்டணம் மாணவர்களுக்கு வருடத்துக்கு 776 பவுண்டு. ஒரு வருட முதுகலைப் படிப்புக்குப் படிப்பு முடிந்த பிறகும் சில மாதங்கள் சேர்த்து விசா தருவதால், பெரும்பாலும் ஒன்றரை வருடக் கணக்காக 1,164 பவுண்டு வரும். விசாக் கட்டணத்தோடு சேர்த்துச் சுமார் 2 லட்சம் ரூபாயைத் தனியாக, வேறு கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். இதற்கு ஒரு சிறு நகைக்கடன் வாங்கினாலும் தவறில்லை. காட்டும் பணத்திலிருந்து மட்டும் எடுக்க வேண்டாம்.

யார் பெயரில் இருக்க வேண்டும்

ஏஜென்ட் கேட்கும் மதிப்புச் சான்றுக்கு இந்த விசாவில் வேலையே இல்லை. வீடு, மனை, நகை, பங்குகள், வருங்கால வைப்புநிதி எதுவும் இங்கே கணக்கில் வராது. நினைத்தபோது எடுக்கக்கூடிய பணமாக இருக்க வேண்டும். பூர்வீக வீடு எத்தனை கோடி பெறும் என்பது விசா அதிகாரிக்கு ஒரு பொருட்டல்ல. வங்கிக் கடனுக்கும் அந்த வீடு உதவாது. நம் பக்கத்துப் பெரிய வீடுகள் பெரும்பாலும் பல பங்காளிகளுக்குப் பொதுவானவை. ஒருவர் மலேசியாவில் இருப்பார், ஒருவர் பங்கு இன்னும் பிரிக்கப்படாமல் வாரிசுகளிடம் இருக்கும். அத்தனை பேரும் கையெழுத்துப் போடாமல் எந்த வங்கியும் அடமானம் எடுக்காது. கணவர் பெயரில் தனி மனை இருப்பது உங்களுக்கு அமைந்த வசதி. மதிப்புச் சான்றுக்குப் பணம் செலவழிக்காதீர்கள்.

மாமனார் பணத்துக்கு வருவோம். மாணவரின் சொந்தக் கணக்கு, அல்லது தாய் தந்தையின் கணக்கு, இவற்றில் உள்ள பணத்தைத்தான் இங்கிலாந்து ஏற்கும். சட்டப்படியான பாதுகாவலர், கணவன் மனைவி தவிர மற்ற உறவுகளுக்கு இடமில்லை. தாத்தா எவ்வளவு பாசமாக உறுதிக் கடிதம் எழுதிக் கொடுத்தாலும் அவர் பெயரில் உள்ள 7 லட்சம் சைபர்தான். அமெரிக்க விசாவுக்கு மாமா, சித்தப்பா எல்லாம் பொறுப்பேற்கலாம் என்பதால், அதே பழக்கத்தில் இங்கேயும் செய்துவிட்டு நிராகரிக்கப்பட்டவர்கள் உண்டு.

ஆகவே மாமனாரின் வைப்புநிதியை முடித்து, அந்தப் பணத்தை வங்கி மாற்றமாகவே உங்கள் கணவரின் சேமிப்புக் கணக்குக்குக் கொண்டுவாருங்கள். முன்கூட்டியே முடிப்பதால் வட்டி கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். தந்தை மகனுக்குக் கொடுக்கும் அன்பளிப்புக்கு வருமான வரி கிடையாது. ஒரு தாளில் "என் மகனுக்கு அன்பளிப்பாகக் கொடுத்தேன்" என்று அவர் எழுதிக் கையெழுத்துப் போட்டு வைக்கட்டும். பெரிய தொகை திடீரென எப்படி வந்தது என்று யாராவது கேட்டால் அதுதான் பதில்.

உங்கள் 9 லட்சத்தை உடைக்க வேண்டியதில்லை. வைப்புநிதியாகவே காட்டலாம். ஆனால் அதன் பேரில் கடைக்காக ஏதாவது கடன் வாங்கியிருந்தால் அது வங்கியின் பிடிமானத்தில் இருக்கிறது என்று பொருள். அந்தப் பகுதி கணக்கில் வராது. எதுவும் இல்லையென்றால், "எப்போது வேண்டுமானாலும் முடித்துக்கொள்ளலாம், கடன் பிடிமானம் இல்லை" என்று வங்கியிடம் கடிதம் வாங்குங்கள். கணவர் கடைப் பெயரில் உள்ள நடப்புக் கணக்கை மட்டும் நம்ப வேண்டாம். அது மகனின் தந்தை பெயரில் இல்லை, கடையின் பெயரில் இருக்கிறது. நிதி நிறுவனங்களில் போட்டிருக்கும் பணமும், கையால் எழுதிய பாஸ்புத்தகம் தரும் சங்கங்களில் உள்ள பணமும் அப்படித்தான். மின்னணுப் பதிவு வைத்திருக்கும், ஒழுங்குமுறைக்கு உட்பட்ட, விசா அதிகாரி விசாரித்து உறுதி செய்யக்கூடிய நிறுவனமாக இருக்க வேண்டும் என்பது விதி.

இன்னொரு சின்ன விஷயம், ஆனால் நம் ஊர்க்காரர்களை அதிகம் படுத்துவது: இனிஷியல். பெற்றோர் பணத்தைக் காட்டும்போது மகனின் பிறப்புச் சான்றிதழும், "எங்கள் பணத்தை மகன் படிப்புக்குப் பயன்படுத்தச் சம்மதம்" என்று நீங்கள் இருவரும் கையெழுத்திட்ட கடிதமும் வைக்க வேண்டும். பிறப்புச் சான்றில் உங்கள் கணவர் பெயர் ஒரு விதமாகவும், வங்கிக் கணக்கில் இரண்டு மூன்று இனிஷியலோடு வேறு விதமாகவும், மகனின் பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து மூன்றாவது விதமாகவும் இருக்கும். மூன்றையும் இன்றைக்கே எடுத்து அருகருகே வைத்துப் பாருங்கள். வேறுபட்டால் வங்கிக் கணக்கில் பெயரைத் திருத்துவதுதான் சுலபம். சான்றிதழ் தமிழில் மட்டும் இருந்தால் சான்றளித்த ஆங்கில மொழிபெயர்ப்பும் வேண்டும். ரேஷன் கார்டு உறவுக்குச் சான்றாகாது.

28 நாள்

பணம் தொடர்ந்து 28 நாள் கணக்கில் இருக்க வேண்டும். ஒரே ஒரு நாள்கூடத் தேவையான தொகைக்குக் கீழே இறங்கக் கூடாது. வங்கி தரும் அறிக்கையின் கடைசித் தேதி, விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்திய 31 நாளுக்குள் இருக்க வேண்டும்.

தேதி போட்டே பார்ப்போம். மாமனார் பணம் ஜூன் 10 அன்று கணவர் கணக்குக்கு வருகிறது. அன்று முதல் எண்ணினால் 28-வது நாள் ஜூலை 7. ஜூலை 8 அல்லது 9 அன்று இரண்டு கணக்குகளுக்கும் ஒரே நாளில் அறிக்கை வாங்குங்கள். ஆகஸ்ட் முதல் வாரம் முடிவதற்குள் மகன் விண்ணப்பத்தை அனுப்பிவிட வேண்டும். தாண்டினால் புது அறிக்கை வாங்க வேண்டியிருக்கும்.

இந்த நாட்களில் கணவரின் கணக்கிலிருந்து தானாகப் போகும் பணம் என்னென்ன என்று பாருங்கள். எல்.ஐ.சி. பிரீமியம், வண்டித் தவணை, கடைக்காக எப்போதோ கொடுத்த காசோலை. விதி மீறப்பட்டது ஒரு நாளா பத்து நாளா, குறைந்தது ஆயிரம் ரூபாயா லட்ச ரூபாயா என்று யாரும் பார்ப்பதில்லை, குறைந்தால் குறைந்ததுதான். என் யோசனை, கணவர் பெயரில் வேறு எந்தப் பற்றுவரவும் இல்லாத ஒரு புதுச் சேமிப்புக் கணக்கு தொடங்கி 7 லட்சத்தை அதில் வைத்துவிடுவது.

கல்விக் கடனுக்கு 28 நாள் விதி இல்லை. ஆனால் கடன் கடிதத்துக்குத் தனி நிபந்தனைகள் உண்டு. கடிதம் ஆறு மாதத்துக்குள் தேதியிட்டதாக, மகன் பெயரோடு, தொகையோடு, இது கல்விக் கடன் என்று சொல்வதாக இருக்க வேண்டும். விசா கிடைக்க வேண்டும் என்பதைத் தவிர வேறு நிபந்தனை அதில் இருக்கக் கூடாது. இங்கேதான் தவறு நடக்கிறது. "கொள்கை அளவில் ஒப்புதல், அடமானப் பத்திரம் பதிவானதும் கடன் வழங்கப்படும்" என்று வங்கி கொடுக்கும் முதல் கடிதத்தை வாங்கிக்கொண்டு ஓடிவிடுகிறார்கள். அது செல்லாது. மனையின் வில்லங்கச் சான்று, வக்கீல் கருத்துரை, மதிப்பீடு, அடமானம் எல்லாம் முடிந்து இறுதி ஒப்புதல் கடிதம் கைக்கு வர வாரக்கணக்கில் ஆகும். அதனால் மாமனார் பணத்தை நகர்த்துவதற்கு முன்பே கடன் வேலையைத் தொடங்குங்கள்.

இப்போது அந்த 2 சதவிகித ஆள். அவர் பணத்தை உண்மையாகவே போட்டால், திரும்ப எடுப்பதற்கு உங்களிடம் கையெழுத்திட்ட வெற்றுக் காசோலைகளை வாங்கிக்கொள்வார். அந்தக் காசோலைகளில் என்ன எழுதப்படும் என்பது உங்கள் கையில் இல்லை. பணம் போடாமல் போலி அறிக்கை அடித்துக் கொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். விசா அதிகாரி வங்கியில் விசாரித்துப் பொய் என்று தெரிந்தால், ஏமாற்றிய காரணத்துக்காக உங்கள் மகனுக்கு 10 ஆண்டு வரை இங்கிலாந்து விசா மறுக்கப்படும். அந்தத் தடை ஏஜென்டுக்கு இல்லை, 22 வயதுப் பிள்ளைக்கு. இந்தப் பேச்சை எடுத்த ஏஜென்டிடம் மற்ற ஆவணங்களையும் ஒப்படைக்காதீர்கள்.

தம்பி தரும் பணம்

தம்பி நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார். அவர் சிங்கப்பூரில் வெளிநாட்டுப் பணத்தைக் கட்டுவது, நீங்கள் ஊரில் ரூபாயை அவர் வீட்டு வேலைக்குக் கொடுப்பது. கேட்க எளிமையாக இருக்கிறது. ஆனால் இதற்குப் பெயர் உண்டியல். 1937-இல் காரைக்குடி, சென்னை, ரங்கூன் என்று மூன்று ஊரிலும் சேர்த்து இந்தியன் ஓவர்சீஸ் வங்கி தொடங்கப்பட்ட பூமி இது. கடல் தாண்டிப் பணம் அனுப்புவது நம் பெரியவர்களுக்குப் புதிதல்ல. அந்தப் பழக்கத்தில், உறவுக்குள் கொடுத்து வாங்குவதில் என்ன தப்பு என்று கேட்பார்கள். இன்றைய அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டப்படி, வெளிநாட்டில் இருப்பவருக்காக அங்கீகரிக்கப்பட்ட வங்கி வழியாக அல்லாமல் இங்கே ரூபாய் கொடுப்பது குற்றம். அக்காள் தம்பி என்றாலும் விலக்கில்லை. சம்பந்தப்பட்ட தொகையைப் போல மூன்று மடங்கு வரை அபராதம் போடலாம். 5 லட்சத்துக்கு 15 லட்சம்.

நேர்வழி இருக்கிறது, அது இதைவிடச் சுலபம். அவருடைய 5 லட்சமும் முன்பணம் 4,000 பவுண்டும் ஏறக்குறைய ஒன்றுதான் (120 வீதம் 4 லட்சத்து 80 ஆயிரம்). அந்த முன்பணத்தை அவரே சிங்கப்பூரிலிருந்து மருமகனுக்கு அன்பளிப்பாகப் பல்கலைக்கழகத்துக்கு நேரடியாகக் கட்டலாம். திரும்ப ரூபாய் வாங்கக் கூடாது. கட்டியதும் பல்கலைக்கழகம் அனுப்பும் சேர்க்கை உறுதி ஆவணத்தில், அதாவது சி.ஏ.எஸ்.-இல், 4,000 கட்டப்பட்டது என்று வந்துவிடும். அந்தத் தொகைக்கு 28 நாள் காத்திருக்கவும் வேண்டாம், யார் கணக்கு என்ற கேள்வியும் இல்லை. மூன்றாம் நபர் கட்டினால் சில பல்கலைக்கழகங்கள் உறவு விவரம் கேட்கும், அதை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். விசா மறுக்கப்பட்டால் பணம் பொதுவாகக் கட்டியவருக்கே திரும்பும் என்பதையும் தம்பியிடம் சொல்லிவிடுங்கள்.

அன்பளிப்பாகக் கொடுக்க முடியாது, திரும்ப வேண்டும் என்றால் அது கடன். அதையும் மறைக்க வேண்டியதில்லை. உங்கள் சேமிப்புக் கணக்குக்கு வங்கி வழியாக அவர் அனுப்பட்டும், கடன் என்று எழுத்தில் இருக்கட்டும், திருப்புவதும் வங்கி வழியாகவே நடக்கட்டும். அதற்கான நிபந்தனைகளை, பணம் வருவதற்கு முன்பே வங்கியின் அந்நியச் செலாவணிப் பிரிவில் கேளுங்கள். அவருடைய வீட்டு வேலைக்கான பணத்தை அவர், வெளிநாடுவாழ் இந்தியருக்காக நம் வங்கிகளில் உள்ள என்.ஆர்.இ. அல்லது என்.ஆர்.ஓ. கணக்கிலிருந்து கொடுப்பதுதான் அவருக்கும் நல்லது. நாளைக்கு அந்த வீட்டை விற்று, பணத்தை வெளியே கொண்டுபோக நினைத்தால், கட்டிய பணம் எங்கிருந்து வந்தது என்ற கணக்கு அவரிடம் இருக்க வேண்டும்.

கட்டணம் கட்டும்போது

விசா வந்தபின் பாக்கி 14,000 பவுண்டைக் கட்டுவீர்கள். சிறு ஊர்க் கிளைகளில் தாள்களை வாங்கிக்கொண்டு அந்நியச் செலாவணி பார்க்கும் பெரிய கிளைக்கு அனுப்புவார்கள். அதனால் கடைசித் தேதிக்கு ஒரு வாரம் முன்னதாகவே போங்கள். A2 படிவம், பான் அட்டை, பாஸ்போர்ட் நகல், சேர்க்கைக் கடிதம், கட்டணம் கேட்டுப் பல்கலைக்கழகம் அனுப்பிய இன்வாய்ஸ் வேண்டும். படிவத்தில் நோக்கக் குறியீடாக S0305 போடுவார்கள்; வெளிநாட்டுப் படிப்புக்கான பயணம், கட்டணம், விடுதிச் செலவு எல்லாம் அதில் அடங்கும்.

இரண்டு இடங்களில் கண்ணை வையுங்கள். ஒன்று, வழியில் கழியும் கட்டணம் யாருடையது என்ற கட்டம். அங்கே SHA என்று இருந்தால் இடையில் உள்ள வங்கிகள் தங்கள் கூலியைக் கழித்துக்கொண்டு மீதியை அனுப்பும். 14,000 அனுப்பியிருப்பீர்கள், பல்கலைக்கழகத்தில் சில பவுண்டு குறைவாக வரவாகும். பாக்கி நிலுவையில் இருக்கிறது என்று மகனுக்கு மின்னஞ்சல் வரும். OUR என்று போடச் சொல்லி, கூலியை இங்கேயே கட்டிவிடுங்கள். குறிப்புக் கட்டத்தில் மகனின் மாணவர் எண்ணை எழுதுங்கள், பணம் அனுப்பியதற்கு வங்கிக்கு வங்கி போகும் ஸ்விஃப்ட் செய்தியின் நகலை வாங்கி வையுங்கள். பணம் வரவில்லை என்று அங்கே சொன்னால் தேடிக் கண்டுபிடிக்க அந்த நகல்தான் பிடி.

மற்றொன்று, மாற்று விகிதம். வங்கியில் "கட்டணம் வெறும் ஆயிரம் ரூபாய்தான்" என்பார்கள். ஆனால் சந்தை விகிதத்தைவிட எவ்வளவு கூட்டி விற்கிறார்கள் என்பதில்தான் பெரிய செலவு இருக்கிறது. ஒரு பவுண்டுக்கு ஒரு ரூபாய் கூடினால் உங்களுக்கு 14 ஆயிரம். அன்றைய சந்தை விகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, எவ்வளவு குறைக்க முடியும் என்று மேலாளரிடம் கேளுங்கள். கேட்டால் குறைப்பார்கள். நாணய மாற்றத்துக்கு ஜி.எஸ்.டி. உண்டு, ஆனால் அது முழுத் தொகை மீது 18 சதவிகிதம் இல்லை. 16 லட்சத்து 80 ஆயிரத்துக்கு சுமார் 1,112 ரூபாய்தான் வரும்.

அப்புறம் டி.சி.எஸ். என்ற வரிப்பிடித்தம். இதற்குப் பயந்துதான் பலர் தப்பான வழிக்குப் போகிறார்கள். ஒருவர் ஒரு நிதியாண்டில் வெளிநாட்டுக்கு அனுப்பும் பணம் 10 லட்சத்தைத் தாண்டினால், தாண்டிய தொகைக்கு மட்டும் பிடிப்பார்கள். கல்விக்கு இது 5 சதவிகிதமாக இருந்து, 2026 ஏப்ரல் 1 முதல் 2 சதவிகிதமாகக் குறைந்திருக்கிறது. வங்கிக் கல்விக் கடனிலிருந்து போகும் பணத்துக்கு 2025 ஏப்ரல் முதல் பிடித்தமே இல்லை. ஆக உங்கள் 15 லட்சம் கடன் இதில் வராது. சொந்தப் பணமாகப் போவது கட்டணத்தில் மிச்சம் 1 லட்சத்து 80 ஆயிரமும், வாழ்க்கைச் செலவு 12 லட்சத்து 65 ஆயிரமும். எல்லாவற்றையும் கணவரே அனுப்பினால் 4 லட்சத்து 45 ஆயிரத்துக்கு 8,900 ரூபாய் பிடிப்பார்கள். அது செலவு இல்லை, வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது வரியில் கழியும் அல்லது திரும்ப வரும்.

அதையும் தவிர்க்கலாம். 10 லட்சம் என்பது ஒவ்வொருவரின் பான் எண்ணுக்கும் தனித்தனி. 9 லட்சம் உங்கள் பெயரில் இருக்கிறது, 7 லட்சம் கணவர் பெயரில். அவரவர் பணத்தை அவரவர் அனுப்பினால் இருவருமே வரம்புக்குள் இருப்பீர்கள். வெவ்வேறு வங்கியில் அனுப்பினால் கணக்கு தனியாகும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், பான் எண்ணில் எல்லாம் ஒன்றாகச் சேரும். வாழ்க்கைச் செலவை ஒரேயடியாக அனுப்பவும் தேவையில்லை. செப்டம்பரில் கொஞ்சம், ஏப்ரலுக்குப் பிறகு மீதி என்றால் அது புது நிதியாண்டு.

டாலர் கணக்கு

கணவரின் நண்பர் சொல்வது எஃப்.சி.என்.ஆர். வைப்பைத்தான் என்று நினைக்கிறேன். அது வெளிநாடுவாழ் இந்தியருக்கானது, ஒரு வருடம் முதல் ஐந்து வருடம் வரை போடும் வைப்பு. இங்கே குடியிருக்கும் நீங்கள் ரூபாயைக் கொடுத்து டாலரோ பவுண்டோ வாங்கி அதில் போட முடியாது. மகன் பேரில்? ரிசர்வ் வங்கி விதிப்படி படிக்கப் போகும் மாணவர், கிளம்பியதிலிருந்தே அந்நியச் செலாவணிச் சட்டத்தின் கண்ணில் வெளிநாடுவாழ் இந்தியர்தான். அவர் அங்கே சம்பாதித்த பணத்தை எஃப்.சி.என்.ஆர். கணக்கில் போடலாம். ஆனால் பெற்றோர் இங்கிருந்து கொடுக்கும் ரூபாய் அவருடைய என்.ஆர்.ஓ. கணக்குக்குத்தான் போக முடியும், அது ரூபாய்க் கணக்கு. அதனால் ரூபாய் இறங்குவதிலிருந்து அந்தக் கணக்கு உங்களைக் காக்காது.

ரூபாய் இறங்கும் பயத்துக்கு உங்களுக்கு இருக்கும் உண்மையான தற்காப்பு, பவுண்டில் கட்ட வேண்டியதைச் சீக்கிரம் கட்டிவிடுவது. பல்கலைக்கழகம் அனுமதித்து, கடனும் வங்கியில் தயாராக இருந்தால், கட்டணத்தில் இன்னொரு பகுதியைச் சி.ஏ.எஸ். வருவதற்கு முன்பே கட்டலாம். அந்த அளவுக்குக் காட்ட வேண்டியதும் குறையும். ஆனால் விசா மறுக்கப்பட்டால் முழுதும் திரும்ப வருமா என்று அவர்களுடைய விதியைப் படித்துவிட்டுச் செய்யுங்கள். நான் உங்கள் இடத்தில் இருந்தால், முன்பணத்துக்கு மேல் விசாவுக்கு முன்னால் கட்ட மாட்டேன். முதல் மாதச் செலவுக்குப் பவுண்டில் ஏற்றிய ஃபாரெக்ஸ் கார்டு போதும். அங்கே வங்கிக் கணக்கு தொடங்கச் சில வாரங்கள் ஆகும், அதுவரை அந்தக் கார்டு ஓடும். பிறகு மகனுடைய அந்த ஊர்க் கணக்குக்கு நேராக அனுப்பலாம்.

மகன் பெயரில் இங்கே ஏற்கெனவே சேமிப்புக் கணக்கு இருந்தால், கிளம்பும் முன் வங்கியில் சொல்லி அதை என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றச் சொல்லுங்கள். கணவருக்கு அந்தக் கணக்கை இயக்க அதிகாரக் கடிதமும் அப்போதே கொடுத்துவிடலாம். கல்விக் கடன் கணக்கோடு இணைத்திருக்கும் கைபேசி எண் மகனுடைய இந்திய எண்ணாக இருந்தால், அங்கே போனபின் ஓ.டி.பி. வராமல் வட்டி கட்டுவதே சிரமமாகிவிடும். இணைக் கடனாளியான கணவரின் எண்ணையும் அந்தக் கணக்கில் பதிவு செய்யச் சொல்லுங்கள்.